காதுக்குள் படபடப்பு, டுப் டுப் சத்தம்: நடுச்செவித் தசை துடித்தால் என்ன ஆகும்?

கேள்வி: "மூன்று வாரமாக இடது காதுக்குள் திடீர் திடீரென்று பூச்சி சிறகடிக்கிற மாதிரி படபடக்கிறது. சில நேரம் டுப் டுப் என்று இடிக்கிறது. தட்டு, டம்ளர் மோதினாலோ யாராவது உரக்கச் சிரித்தாலோ உடனே வருகிறது. காது மருத்துவர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். அப்புறம் ஏன் இந்தச் சத்தம்? காது கேட்காமல் போய்விடுமா?"

போகாது. நீங்கள் சொல்லியிருப்பதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்ததும் படபடப்பு வருகிறது. காதுக்குள் இருக்கும் ஒரு தசை தேவையில்லாமல் துடிக்கும்போது இப்படித்தான் இருக்கும். கேள்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டாக வேலை செய்வதால் இந்தப் புகாரோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலானவர்கள் பயந்துபோய் வருகிறார்கள். ஆனால் அவர்களுடைய பரிசோதனை முடிவுகள் வழக்கமாக எந்தக் கோளாறும் இல்லாமல்தான் வருகின்றன.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்ற சின்ன காற்றறை இருக்கிறது. அதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். அவற்றை இழுத்துப் பிடிக்க இரண்டு தசைகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று டென்சர் டிம்பனி. சுமார் 2 செ.மீ. நீளம். செவிப்பறையோடு ஒட்டியிருக்கும் சுத்தி எலும்பைப் பிடித்து உள்பக்கமாக இழுக்கும். அது இழுத்தால் செவிப்பறை விறைத்துக்கொள்ளும். மற்றது ஸ்டேபீடியஸ். நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்புத்தசை இதுதான், நீளம் சுமார் 6 மி.மீ. அங்கவடி எலும்பைப் பக்கவாட்டில் இழுத்து, உள்செவிக்குப் போகும் அதிர்வைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும்.

இரண்டுக்கும் வேலை வேறு, நரம்பும் வேறு. ஸ்டேபீடியஸ் முகத்தசைகளை இயக்கும் முகநரம்பின் கிளையில் இயங்குகிறது. ஏறக்குறைய 70 முதல் 100 டெசிபெல் வரையுள்ள சத்தம் காதில் விழுந்தால் அது தானாகச் சுருங்கும். ஒரு காதில் மட்டும் சத்தம் கேட்டாலும் இரண்டு காதிலும் சுருங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். டென்சர் டிம்பனியோ தாடைத் தசைகளுக்குப் போகும் நரம்பின் கிளையில் இயங்குகிறது. அதனால்தான் மெல்லும்போதும் விழுங்கும்போதும் பேசும்போதும் அது வேலை செய்கிறது. திடுக்கிட்டாலும் சுருங்கும். முகத்தில் திடீரென்று காற்று பட்டாலும் சுருங்கும். சிலரால் இதை நினைத்தபோது சுருக்க முடியும். கண்ணை இறுக மூடிப் பாருங்கள். காதுக்குள் தூரத்து இடி மாதிரி ஒரு உறுமல் கேட்டால், அது இந்தத் தசை சுருங்கும் சத்தம்தான். கேட்காவிட்டாலும் ஒன்றுமில்லை, எல்லாருக்கும் வராது.

இந்தத் தசைகளில் ஒன்று, தேவை இல்லாதபோது அல்லது தேவைக்கு மீறி, வெட்டி வெட்டிச் சுருங்கினால் நீங்கள் சொல்கிற சத்தம் வரும். தூக்கம் கெட்ட நாட்களில் கண்ணிமை துடிக்குமே, அதே மாதிரியான சங்கதிதான். இமை துடிக்கும்போது யாரும் பார்வை போய்விடும் என்று பயப்படுவதில்லை. காதில் துடித்தால் மட்டும் பயம் வருகிறது. காரணம், அது சத்தமாகக் கேட்கிறது.

ஏன் அவ்வளவு சத்தம்? நாம் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்குச் செவிப்பறை அசையும் அளவு ஒரு ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவைவிடக் குறைவு. அவ்வளவு நுட்பமான கருவி அது. அதன்மேலேயே கட்டியிருக்கும் ஒரு தசை வெட்டி இழுத்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாத அசைவுகூட உள்ளே இருப்பவருக்கு இடியாகக் கேட்கும். ஆக, அந்தச் சத்தம் பெரிதாக இருப்பதற்கும் கோளாறு பெரிதாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. உள்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் இதில் சேதமாவதில்லை. சாதாரணமாகக் காதிரைச்சல் என்று சொல்வோமே, 'கீ' என்று விடாமல் கேட்கும் ஒலி, அதிலிருந்து இது இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அந்த இரைச்சலுக்கு வெளியே ஒலி எதுவும் இல்லை, கேட்கும் பாதையே உண்டாக்கிக்கொள்வது. இங்கே நிஜமாகவே ஒரு பொருள் அசைகிறது.

எந்தத் தசை துடிக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். மந்தமான டுப், டக் என்ற இடிப்பு என்றால் டென்சர் டிம்பனி பக்கம் சாய்வோம். படபடப்பு, விர்ர் என்ற நடுக்கம், மொறுமொறுப்பு என்றால் ஸ்டேபீடியஸ். இது நிச்சயமான விதி இல்லை. இரண்டும் சேர்ந்தே துடிப்பதும் உண்டு, உங்களுக்கே இரண்டு விதமான சத்தமும் வருகிறது. சத்தத்தைவிட அது எப்போது வருகிறது என்பதுதான் எனக்கு அதிகம் சொல்லும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண் வந்திருந்தார். நாள் முழுக்க ஹெட்செட் மாட்டிக்கொண்டு போனில் பேசுகிற வேலை. ஒருநாள் இணைப்பில் திடீரென்று காதைப் பிளக்கும் கீச்சொலி ஒன்று வந்திருக்கிறது. வலி கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து அதே வலது காதில் படபடப்பு ஆரம்பித்தது. முதலில் போன் மணி அடித்தால் மட்டும் வந்தது. பிறகு கரண்டி கீழே விழுந்தால், குழந்தை கத்தினால், கடைசியில் முகம் கழுவும்போதுகூட. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று விநாடி. இரவில் படுத்ததும் எதுவும் இல்லாமலே வந்தது. காதுக்குள் பூச்சி போயிருக்கிறது என்று நினைத்து முதலில் எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு மூளையில் கட்டியோ என்று இணையத்தில் தேட ஆரம்பித்து, தூக்கத்தையும் தொலைத்திருந்தார்.

காதைப் பார்த்தால் சுத்தமாக இருந்தது, செவிப்பறை ஆரோக்கியமாக இருந்தது. கேள்திறன் சோதனையில் எல்லா அதிர்வெண்ணிலும் 20 டெசிபெலுக்குள், அதாவது இயல்பு. டிம்பனோமெட்ரி எடுத்தோம். காதை ஒரு ரப்பர் முனையால் அடைத்து, உள்ளே காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறை எவ்வளவு இலகுவாக அசைகிறது என்று பார்க்கும் சோதனை அது. அதுவும் இயல்புதான். வழக்கமாக இந்த இடத்தில் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். சொன்னவர் மேல் தப்பில்லை. துடிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த சோதனையில் துடிப்பு தெரியாது, அவ்வளவுதான்.

அதே கருவியில் இன்னொரு முறை இருக்கிறது. அழுத்தத்தை மாற்றாமல், சத்தமும் கொடுக்காமல், செவிப்பறையின் விறைப்பை மட்டும் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்வது. அவரை மூச்சை நிதானமாக விடச் சொல்லி, படபடப்பு கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னேன். திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு மறுபக்கம், அதாவது அவருடைய இடது காதருகில், ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கினேன். விரல் உயர்ந்தது. வலது காதின் கோடு அதே கணத்தில் ரம்பப்பல் போல நடுங்கி, இரண்டு விநாடியில் பழையபடி நேரானது. ஒரு காதில் சத்தம் பட்டால் இரண்டு காதிலும் தசை சுருங்கும் என்று சொன்னேன் அல்லவா, அதனால்தான் இடது பக்கத்துச் சத்தத்துக்கு வலது காது துடித்தது. கோடு சீராக ஒரே ஒருமுறை சரிந்து எழுந்திருந்தால் இயல்பான சுருக்கம் என்று சொல்லியிருப்பேன். நடுநடுங்கியதால்தான் அது துடிப்பு.

அந்தக் கோட்டை அவருக்குத் திரையில் காட்டியது, எழுதிக் கொடுக்கக்கூடிய எந்த மருந்தையும்விட அதிகம் உதவியது என்று நினைக்கிறேன். தான் கேட்பது கற்பனை இல்லை என்றும், அது ஒரு தசை மட்டுமே என்றும் கண்ணால் பார்த்துவிட்டார். அடுத்த இரண்டு மாதங்களில் படபடப்பு படிப்படியாகக் குறைந்து, தூக்கம் கெட்ட நாட்களில் மட்டும் எட்டிப்பார்க்கும் அளவுக்கு வந்தது.

எங்கே சிக்கல் பெரிதாகிறது என்றால், கவனிப்பதில்தான். டென்சர் டிம்பனி திடுக்கிடும்போது சுருங்கும் தசை. மனம் எப்போதும் "இப்போது வருமோ" என்று காத்திருந்தால், சாதாரணச் சத்தத்துக்கே திடுக்கிட ஆரம்பிக்கிறோம். திடுக்கிட்டால் தசை சுருங்கும், சுருங்கினால் சத்தம் கேட்கும், கேட்டால் இன்னும் பயம். இந்தச் சுழற்சியில் மாட்டியவர்கள் செய்கிற முதல் காரியம் காதில் பஞ்சோ இயர்பிளக்கோ வைத்துக்கொள்வது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சில நாள் காதை அடைத்தே வைத்திருந்தால், முன்பு பொறுத்துக்கொண்ட சத்தத்தைவிடக் குறைந்த சத்தத்துக்கே அந்த அனிச்சைச் சுருக்கம் வரத் தொடங்குகிறது. நிஜமாகவே காதைக் கெடுக்கிற சத்தம் இருக்கும் இடங்களில் மட்டும், டிரில் மெஷின் பக்கத்தில் நிற்கும்போது, ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கும்போது, பயன்படுத்துங்கள். வீட்டில் வேண்டாம்.

அதற்கு நேர்மாறானதைச் செய்யலாம். முழு அமைதியில் உட்காராமல் மின்விசிறி அளவுக்கு ஏதோ ஒரு மெல்லிய ஒலி எப்போதும் பின்னணியில் இருக்கட்டும். குறிப்பாகப் படுக்கும்போது. தாடையைக் கவனியுங்கள்: வேலை செய்யும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறீர்களா, காலையில் எழுந்ததும் கன்னம் வலிக்கிறதா? தாடைத் தசைகளும் டென்சர் டிம்பனியும் ஒரே நரம்பின் கிளைகளில் இயங்குவதால் தாடை இறுக்கமும் இந்தத் துடிப்பும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும். உதடு மூடியிருக்க, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதுதான் தாடை ஓய்வாக இருக்கும் நிலை. இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர் என்றால் பல் மருத்துவரைப் பார்ப்பது காதுக்கும் நல்லது. காபி, டீயைக் குறைத்தால் சிலருக்கு நிற்கிறது, சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஒரு வாரம் குறைத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். மெக்னீசியம் மாத்திரை பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அதற்குப் பலமான ஆதாரம் கிடையாது, நான் பரிந்துரைப்பதில்லை.

சரி, இது தசைத்துடிப்புதான் என்று எப்படி நிச்சயமாக நம்புவது? காதில் விட்டுவிட்டுக் கேட்கும் ஒலிகள் எல்லாமே தசையால் வருபவை அல்ல. அடுத்தமுறை சத்தம் வரும்போது மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். ஒலியும் நாடியும் ஒன்றுக்கொன்று பிசகாமல் ஒத்துப்போனால், மாடி ஏறியதும் ஒலியும் வேகமானால், அது இரத்த ஓட்டத்தின் சத்தம். அதற்குப் பல சாதாரணக் காரணங்கள் உண்டு என்றாலும் ஸ்கேன் செய்து இரத்தக்குழாய்களைப் பார்த்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. தசைத்துடிப்பு நாடியோடு சேராது. சில விநாடி வேகமாக அடிக்கும், நின்றுவிடும், பிறகு வேறொரு தாளத்தில் வரும்.

மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் 'ஹுஷ்' என்று கேட்டு, உங்கள் குரலே குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல முழங்கினால், மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழாய் மூடாமல் திறந்தே இருக்கிறது என்று அர்த்தம். படுத்தால் அது குறையும். விழுங்கும்போது மட்டும் ஒரு 'க்ளிக்' வந்தால் அந்தக் குழாய் திறக்கும் சத்தம்தான், அது இயல்பு. தாடையை அசைத்தால் மட்டும் சரசரவென்றோ டொக்கென்றோ கேட்டால், குறும்பியின் ஒரு துணுக்கோ உதிர்ந்த முடி ஒன்றோ செவிப்பறையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இதை நம்பாதவர்கள் அதை எடுத்த நிமிடமே சத்தம் நின்றதும் நம்புகிறார்கள். ஆனால் அதை எடுப்பது மருத்துவர் வேலை. பட்ஸ் விட்டால் இன்னும் உள்ளேதான் தள்ளுவீர்கள்.

இன்னொன்று கொஞ்சம் அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. தொண்டையின் மேல்பக்கம் இருக்கும் மென் அண்ணத் தசை துடித்தாலும் காதில் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். பெரும்பாலும் விநாடிக்கு ஒன்றிலிருந்து மூன்று வரை, மணிக்கணக்கில் சீராக. பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் சில நேரம் கேட்கும். கேட்டால் அதை போனில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாயை அகலத் திறந்தால் அந்தத் துடிப்பு அடங்கிவிடக்கூடும் என்பதால், மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள். இதிலும் பலருக்குக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, பார்வை ஆடுவது போன்றவை சேர்ந்திருந்தால் மூளைத்தண்டையும் சிறுமூளையையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ஸ்டேபீடியஸ் முகநரம்பில் இயங்குகிறது என்றேன். அதனால் காதில் படபடக்கும் அதே கணத்தில் அதே பக்கத்துக் கண்ணோ கன்னமோ வெட்டி இழுத்தால் அது காது மட்டுமே சம்பந்தப்பட்டது அல்ல, நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். முன்பு முகவாதம் வந்து குணமானவர்களுக்குக் கண் சிமிட்டும்போதோ சிரிக்கும்போதோ காதில் உறுமல் கேட்கலாம். நரம்பு மறுபடி வளரும்போது இழைகள் இடம் மாறிப் போய்ச் சேர்ந்ததன் விளைவு அது, புதிய நோய் இல்லை. உரத்த சத்தம் கேட்டால் தலை சுற்றுகிறது, கேள்திறனே குறைந்த மாதிரி இருக்கிறது என்றாலும் மறுபடி போய்க் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால் மட்டும் அன்றைக்கே போக வேண்டும். அதற்கான மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் தரும்.

நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. இருந்தாலும் கேள்திறன் சோதனை எடுக்கவில்லை என்றால் ஒருமுறை எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது நான் சொன்ன நீண்ட பதிவையும் செய்ய முடியுமா என்று கேளுங்கள். டிம்பனோமெட்ரி கருவியில் 'ரிஃப்ளெக்ஸ் டிகே' என்று இருக்கும் முறையில் அதைச் செய்யலாம், ஆடியாலஜிஸ்டுக்குப் புரியும். எது தூண்டுகிறது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், போகும்போது ஒரு டம்ளரும் ஸ்பூனும் எடுத்துக்கொண்டு போனாலும் தப்பில்லை.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இது தானாக அடங்குகிறது. இடையில் போய்விட்டுத் திரும்ப வருவதும் சகஜம். ஒரு சிறுபகுதியினருக்கு மாதக்கணக்கில் நீடித்து வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கிறது. அவர்களுக்கு கார்பமசெபைன், குளோனசெபாம் போன்ற மருந்துகளைச் சில மருத்துவர்கள் கொடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்குப் பலன் தரும், ஆனால் தூக்கக் கலக்கம் வரும். குளோனசெபாமுக்குப் பழகிப்போகும் ஆபத்தும் உண்டு. அதனால் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது. அதற்கும் அடங்காதவர்களுக்குக் கடைசி வழியாக ஒரு அறுவை சிகிச்சை இருக்கிறது. செவிப்பறையை ஓரமாகத் தூக்கி, நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, துடிக்கும் தசையின் நாணை வெட்டிவிடுவது. பெரும்பாலும் இரண்டு தசையின் நாணையும் வெட்டுவார்கள். சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது நன்றாகவே பலன் தருகிறது. ஆனால் வெட்டியபின் உரத்த சத்தத்துக்கு எதிரான அந்த அனிச்சைத் தடுப்பு அந்தக் காதில் இருக்காது. சிலருக்குச் சத்தங்கள் முன்பைவிட உறைப்பாகக் கேட்கும். ஏற்கெனவே சத்தம் தாங்க முடியாதவர்களுக்கு இதனால் தொல்லை கூடலாம். அதனால் துடிப்பைப் பதிவில் கண்ணால் பார்த்த பிறகு அறுவையைப் பற்றி யோசிப்பதே நல்லது. மூன்று வாரத் துடிப்பில் அதைப் பற்றி நீங்கள் யோசிக்கவே தேவையில்லை.